கூரை சொல்லும் ஊர்

தேவாலயமோ பள்ளிவாசலோ கோயிலோ, எதைக் கண்டாலும் அது எந்த மதத்தாருக்குரியது என்பதையே முதலில் பார்க்கப் பழகிய நமக்கு, கேரளத்துப் பழங்கட்டடங்கள் சற்றுத் திகைப்பையே தருகின்றன. ஏனெனில் அங்கே மதம் புலப்படுமுன் பிரதேசம் புலப்பட்டுவிடுகிறது.

கோழிக்கோட்டில், குற்றிச்சிறைக் குளத்தருகே நிற்கும் மிஷ்கால் பள்ளிவாசலையே எடுத்துக்கொள்வோம். ஏமன் தேசத்திலிருந்து வந்த நாகுதா மிஷ்கால் என்னும் கப்பல் வர்த்தகர் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியதும், 1510இல் போர்த்துகீசியர் இட்ட தீயில் சேதமுற்றுப் பின்னர்ச் செப்பனிடப்பட்டதுமான அந்தக் கட்டடத்தில் கும்மட்டமும் இல்லை, மினாராவும் இல்லை. மரத்தூண்களின்மேல் அடுக்கடுக்காகச் சரிந்திறங்கும் ஓட்டுக்கூரைகளே உண்டு. திருச்சூர் வடக்குநாதர் கோயிலின் வட்ட ஸ்ரீகோவிலைக் கண்டவர்கள், வடிவம் வேறாயினும், அதே சரிவையும் அதே தாழ்ந்த இறவாரத்தையும் இங்கே இனங்காண்பார்கள்.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் மழை. இரு பருவக்காற்றுகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழையைக் கொட்டுகிற பூமியில், ஈரத்தை எளிதில் உறிஞ்சும் செம்பாறைச் சுவரைக் காக்க வேண்டுமானால், நீர் தங்காத செங்குத்துச் சரிவும், சுவரைத் தாண்டி வெகுதூரம் நீளும் இறவாரமும், உள்ளே தேங்கும் வெப்பக்காற்று வெளியேற முகட்டின் ஓரத்தில் மரச்சட்டமிட்ட திறப்பும் அவசியமாகின்றன. மழைக்கு மத பேதம் இல்லாததால், தச்சரின் கைமுறையும் மூன்று சமயத்தாருக்கும் பொதுவாயிற்று.

கோட்டயத்தில் 1579இல் கட்டப்பட்ட செறியபள்ளி இதற்கு இன்னொரு சாட்சி. அதன் முகப்பு மேனாட்டுச் சாயலுடையது. பக்கவாட்டில் வந்து பார்த்தாலோ மலையாளக் கூரை. கடல் கடந்து வந்த உறவை முகப்பு சொல்லும். ஊரைக் கூரை சொல்லும் என்பதே இவ்விஷயத்தில் நான் கண்ட விதி.

விதிக்கு விலக்குகளும் உண்டு. கர்நாடகக் கரையோரத்து மூடுபித்ரியின் ஆயிரங்கால் ஜைன பஸ்தியும் சரிந்த கூரையே உடையது. மாறாக, திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கோயிலின் கோபுரமோ தமிழகத்துப் பாணியில் ஏழு நிலையாக நிமிர்ந்து நிற்கிறது. ஆகவே மழைக்காற்று மோதும் கரை இது என்று கூரை சொல்லலாமேயன்றி, ராஜ்ய எல்லையைக் கோடு கிழித்துக் காட்டாது.

என் கவலை வேறு. அரபு தேசத்துக் கும்மட்டங்களும் சிமெண்டுக் கோபுரங்களும், எங்கு வேண்டுமானாலும் நிற்கத்தக்க தேவாலய முகப்புகளும் பெருகிவருகின்றன. கூட்டம் பெருகிவிட்டது, இடம் வேண்டும் என்பார்கள், அது நியாயமே. ஆனால் இடத்துக்குக் கும்மட்டம் தேவையில்லை. கொடுங்கல்லூர் சேரமான் ஜும்மா பள்ளிவாசலில் பிற்காலச் சேர்க்கைகளை அகற்றிப் பழைய ஓட்டுக்கூரைத் தோற்றத்தை மீட்டது, இது இயலாத காரியமன்று என்று காட்டுகிறது. இயலுமென்று தெரிந்த பின்னும் மற்ற ஊர்கள் கும்மட்டத்தையே நாடுமாயின், அதற்கு இடநெருக்கடியைக் காரணம் சொல்ல முடியாது.