எழுபது நாள் கடனும் இன்றைய ரொக்கமும்

ஈரோட்டு நூல் வியாபாரி ஒருவர், கரூர் நெசவாலைக்கு 5 லட்சம் ரூபாய்க்கு நூல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்காரரால் 70 நாள் கழித்துத்தான் பணம் தர முடியும். அதனால் வியாபாரி, ‘இன்றிலிருந்து 70 நாளில் இத்தொகையைச் செலுத்துக’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். ஆலைக்காரர் அதன் குறுக்கே ‘ஏற்கிறேன்’ என எழுதி ஒப்பமிடுகிறார். அதுதான் மாற்றுச்சீட்டு. இந்த ஒப்பம் விழும்வரை ஆலைக்காரருக்கு அந்தச் சீட்டின்படி பொறுப்பு கிடையாது. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் 3 நாள் சலுகையும் தருகிறது. ஆக 73 நாள்.

வியாபாரிக்கோ மில்லுக்கு இன்றே பணம் கட்ட வேண்டும். சீட்டின் பின்புறம் மேலெழுதி வங்கியிடம் கொடுக்கிறார். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 73 நாளுக்கு வட்டி 10,000 ரூபாய். அதை முன்கூட்டியே கழித்துக்கொண்டு 4,90,000 ரூபாயை வங்கி தருகிறது. இதையே வட்டம் செய்தல் என்கிறோம். தவணை நாளில் ஆலைக்காரரிடம் முழு 5 லட்சத்தையும் வங்கியே வசூலிக்கும்.

அவர் கட்டாவிட்டால்? பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சீட்டை விற்றுவிட்டோம், இனி வங்கியின் பாடு என்று நினைக்கிறார்கள். வழக்கமான ஏற்பாட்டில் அப்படியில்லை. வங்கி உடனே அறிவிப்பு அனுப்பி, முழுத் தொகையையும் செலவுகளையும் வியாபாரியின் கணக்கிலேயே பற்று வைக்கும். ஆலைக்காரரைத் துரத்தும் வேலை மறுபடி அவருடையதாகிவிடும்.