கதவு மூடிய பிறகு வருபவர்கள்

1960இல் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது அமெரிக்கத் திரையரங்குகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. நட்சத்திர நடிகை ஜேனட் லீயின் பாத்திரம் முன்பாதியிலேயே கொல்லப்படுகிறது. தாமதமாக நுழைபவர் அவரைக் கடைசிவரை தேடிக்கொண்டிருப்பார்!

மேடை நிகழ்ச்சியில் சிக்கல் வேறு. இருட்டில் இருக்கை தேடுபவருக்காக ஒரு வரிசையே எழ வேண்டும். எனவே, ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது கதவைத் திறந்து, தாமதமானவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, இடைவேளையில் அவருடைய இருக்கைக்கு அனுப்புவது நல்ல ஏற்பாடு.

வெளியே போய்த் திரும்புபவருக்கு முத்திரையா, கைப்பட்டையா? முத்திரை மலிவு. ஆனால் மை காயுமுன் நண்பரின் கையில் அழுத்தினால் அதுவும் பதிந்துவிடும். எழுத்துகள் இடவலம் மாறியிருந்தால் அது நகல். வியர்வையிலும் சோப்பிலும் அசலே அழியும்.

காகிதம் போன்ற கைப்பட்டையின் ஒட்டும் முனையில் சிறு வெட்டுகள் இருக்கும். கழற்ற முயன்றால் அங்கே கிழியும். தளர்வாகக் கட்டினால் மட்டும் முழுசாக உருவிவிடலாம். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும்.

மருந்தை வண்டியில் விட்டவர், அழும் குழந்தையைத் தூக்கிச் செல்பவர், கழிப்பறை வெளியே இருக்கும் அரங்கில் முதியவர் ஆகியோருக்கு விலக்கு வேண்டும். அதை டிக்கெட்டிலேயே அச்சிட்டுவிட்டால், வாசலில் நிற்பவர் யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது.