காற்றைவிட லேசான அலுமினியம்

ஒரே வீட்டுப்பாடத் தாளில் இயற்பியல் கணக்கு ஒன்றும் வேதியியல் கணக்கு ஒன்றும் வந்தால், சூத்திரத்தைவிட அலகுகளும் முக்கிய எண்ணுருக்களுமே அதிகம் தடுமாற வைக்கும். முக்கிய எண்ணுருக்கள் என்பவை, ஓர் அளவீட்டில் உண்மையாகவே அளந்தறிந்த இலக்கங்கள்.

முதல் கணக்கு ஓர் அலுமினியக் கட்டியைப் பற்றியது. நீளம் 4.10 செ.மீ., அகலம் 2.05 செ.மீ., உயரம் 1.98 செ.மீ., நிறை 45.1 கிராம். அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோகிராம் என்று சொல்ல வேண்டும். மூன்று நீளங்களையும் பெருக்கினால் 16.6419 கன செ.மீ. கிடைக்கும். இதை மீட்டருக்கு மாற்றும் இடத்தில்தான் கை தவறுகிறது. ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்ற பழக்கத்தில் 100 ஆல் வகுத்துவிடுகிறார்கள். கன அளவில் அந்த நூறு மூன்று முறை பெருகுவதால், ஒரு கன மீட்டரில் பத்து லட்சம் கன செ.மீ. அடங்கும். 100 ஆல் வகுத்தவரின் அடர்த்தி 0.271 என்று வரும். அறையில் உள்ள காற்றின் அடர்த்தியே ஏறக்குறைய 1.2. காற்றில் மிதக்கும் உலோகக் கட்டி எங்கும் இல்லை என்பதால், விடைத்தாளைப் பார்க்காமலே தவறு தெரிந்துவிடும்.

சரியாக மாற்றினால் 2710.03 வரும். இதை அப்படியே எழுதக் கூடாது. பெருக்கல், வகுத்தலில் விடைக்கு எத்தனை முக்கிய எண்ணுருக்கள் என்பதை, தரவுகளில் மிகக் குறைவாக உள்ளதே முடிவு செய்கிறது. இங்கே நான்கு அளவீடுகளிலும் மும்மூன்று. அதனால் விடை 2.71 × 10³. வெறுமனே 2710 என்று எழுதினால் கடைசிச் சுழியம் அளந்ததா, இடம் நிரப்ப வந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது. 45.1 கிராமை 0.0451 கிலோகிராம் என்று மாற்றும்போது முன்னால் வரும் சுழியங்களும் கணக்கில் சேராது. ஒரு கிலோவுக்கு 1000 கிராம் என்பது வரையறை. அதில் பிழைக்கு இடமில்லாததால் அது எண்ணுருக்களைக் குறைப்பதும் இல்லை.

அவசரப்பட்டு முழுமையாக்குவது இன்னொரு சிக்கல். கன அளவை இடையிலேயே 16.6 என்று சுருக்கிக்கொண்டு வகுத்தால் விடை 2.72 ஆகிவிடும். ஆகவே கால்குலேட்டரில் உள்ள இலக்கங்களை அப்படியே வைத்திருந்து, கடைசியில் ஒரே முறை சுருக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கில், காற்று நீக்கிய குடுவையின் நிறை 86.005 கிராம். ஒரு வாயுவை நிரப்பிய பின் 86.432 கிராம். கன அளவு 239 மில்லிலிட்டர், அழுத்தம் 101 கிலோபாஸ்கல், வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். வாயுவின் மோலார் நிறை என்ன?

கழித்தல் விதி வேறு. அதில் பார்க்க வேண்டியது தசம இடங்களை. 86.432 − 86.005 = 0.427. ஐந்து எண்ணுருக்கள் கொண்ட இரண்டு எண்களைக் கழித்ததில் மிஞ்சியது மூன்றுதான். தராசு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், கனத்த குடுவைக்குள் லேசான வாயுவை எடை போடுவதற்கு இந்த விலை உண்டு. கூட்டலில் இது தலைகீழாகவும் நடக்கும். 27 உடன் 273.15 ஐக் கூட்டினால் 300 கெல்வின். இரண்டு எண்ணுருக்கள் மூன்றாகிவிட்டன, அதுவும் விதிப்படியே.

PV = nRT என்ற சமன்பாட்டில் R = 8.314 என்று எடுத்தால் அழுத்தம் பாஸ்கலிலும் கன அளவு கன மீட்டரிலும் இருக்க வேண்டும். கிலோபாஸ்கலும் லிட்டரும் சேர்ந்தாலும் சரியாக வரும். ஒன்றில் ஆயிரம் மடங்கு கூடியது மற்றதில் ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். பாஸ்கலோடு லிட்டரைக் கலந்தால் மோலார் நிறை 0.0441 என்று வரும். மிக லேசான வாயுவான ஹைட்ரஜனுக்கே 2 கிராம் என்பதால் இந்தத் தவறும் பளிச்சென்று தெரியும்.

கண்ணுக்குத் தப்பும் தவறு வெப்பநிலையில் இருக்கிறது. கெல்வினுக்கு மாற்றாமல் 27 ஐயே போட்டால் விடை 3.97. ஹீலியத்தின் மோலார் நிறை 4.00. மாணவர் மகிழ்ச்சியோடு ஹீலியம் என்று எழுதிவிடுவார், விடையும் நம்பும்படியாகவே இருக்கும். இங்கே அலகுகளை ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு சேர்த்து எழுதியவர் மட்டுமே தப்பிப்பார்.

முறையாகச் செய்தால் n = 0.009673 மோல், மோலார் நிறை 44.1 கிராம். கார்பன் டை ஆக்சைடின் மதிப்பு 44.01 என்பதால் அது பொருந்துகிறது. ஆனால் சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் 44.01 தான். இரண்டும் 44.009, 44.013 என்று ஐந்தாவது எண்ணுருவில்தான் பிரிகின்றன. மூன்று எண்ணுருக்கள் கொண்ட இந்த விடையால் எது என்று சொல்ல முடியாது. வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தி, அது பால்போல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.