ஒப்பந்தத்தில் எழுதிய தொகை கையில் வருமா?

வீடு வாங்க அக்ரிமென்ட் போடும்போது, பத்திர எழுத்தர் கடைசிப் பக்கத்தில் வழக்கமாக ஒரு வரியைச் சேர்ப்பார்: வாங்குபவர் குறித்த தேதிக்குள் கிரயம் முடிக்கத் தவறினால், கொடுத்த பணம் முழுவதையும் இழக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். தகராறு வந்தபின் விற்பவர் அந்த வரியைக் காட்டி, “ஒத்துக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?” என்று கேட்பார். நீதிமன்றத்தில் அந்தக் கேள்வி அவர் நினைக்கிற அளவுக்கு எடுபடாது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். ஒப்பந்தம் மீறப்பட்டால் இவ்வளவு தர வேண்டும் என்று தொகை எழுதப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு அந்தத் தொகைக்கு மேற்படாத, நியாயமான இழப்பீடு கிடைக்கும் என்கிறது அது. சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. குறித்த நாளில் 500 ரூபாய் தராவிட்டால் 1,000 ரூபாய் தருவதாக ஒருவர் ஒப்புக்கொள்கிறார், பிறகு தரத் தவறுகிறார். மற்றவருக்கு அந்த 1,000 தானாகக் கிடைத்துவிடாது. 1,000-ஐத் தாண்டாமல், நீதிமன்றம் நியாயம் என்று கருதுகிற தொகைதான் கிடைக்கும்.

இங்கிலாந்தின் வழி வேறு. வரப்போகும் இழப்பை முன்கூட்டியே நேர்மையாகக் கணித்து எழுதிய தொகையா, மீறுபவரைப் பயமுறுத்த எழுதிய தண்டமா என்று 2015 வரை அங்கே நீதிபதிகள் முதலில் தரம் பிரித்தார்கள். கணிப்பு என்றால் முழுத் தொகையும் கிடைத்தது. தண்டம் என்றால் அந்த நிபந்தனை செல்லாமல் போனது. 1914-இல் தீர்ப்பான டன்லப் டயர் வழக்கு இதற்குப் பேர்பெற்ற முன்னுதாரணம். இந்தியச் சட்டம் இந்தத் தரம்பிரிப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, இரண்டுக்கும் ஒரே விதி வைத்தது. ஆனாலும் அந்தப் பழைய கேள்வி வேறு வடிவில் நம் நீதிமன்றங்களுக்குள் நுழைந்தபடிதான் இருக்கிறது.

இந்தப் பிரிவை அலசிய தீர்ப்புகளில் 1963-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதேசந்த் - பால்கிஷன் தாஸ் வழக்கே அடித்தளம். டெல்லியில் ஒரு பங்களா. 1949 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். விலை 1,12,500 ரூபாய். வாங்குபவர் கையெழுத்தின்போது அச்சாரமாக 1,000 ரூபாயும், சில நாட்களில் மேலும் 24,000 ரூபாயும் கொடுத்து, சொத்தின் அனுபோகத்தையும் எடுத்துக்கொண்டார். ஜூன் 1-க்குள் பதிவு முடிய வேண்டும், வாங்குபவர் தவறினால் 25,000-மும் போய்விடும் என்பது ஏற்பாடு. பதிவு நடக்கவில்லை. ஆளுக்கு ஆள் குற்றம் சாட்டி வழக்குக்குப் போனார்கள்.

உயர் நீதிமன்றம் நடுவழி ஒன்றைப் பிடித்தது. விலையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 11,250 ரூபாயை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது; பஞ்சாயத்தில் பெரியவர்கள் சொல்லக்கூடிய தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பத்தில் ஒரு பங்கு என்ற கணக்குக்குச் சாட்சியம் எங்கே? சொத்தின் மதிப்பு குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. வேறு நஷ்டத்தையும் விற்பவர் காட்டவில்லை. எனவே 1,000 ரூபாய் அச்சாரத்தை மட்டும் அவர் வைத்துக்கொள்ளலாம் என்றது. வாங்குபவர் சொத்தை அனுபவித்த காலத்துக்கு மாதம் 140 ரூபாய் வீதம் தனியாகக் கணக்கிடப்பட்டது. அது விற்பவருக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பு என்பதால் கிடைத்தது.

அந்த 1,000 ரூபாய் மட்டும் ஏன் தப்பியது? பேச்சு உறுதி என்பதற்கு அடையாளமாகக் கொடுக்கும் சிறு தொகை அச்சாரம். கிரயம் முடிந்தால் அது விலையில் சேரும், வாங்குபவர் பின்வாங்கினால் போய்விடும். தொகை மிதமாக இருக்கும்வரை நீதிமன்றங்கள் அதைத் தண்டமாகப் பார்ப்பதில்லை. அதனால் பெரிய தொகைக்கும் அச்சாரம் என்று பெயர் வைக்கும் பழக்கம் உண்டு. பெயரைப் பார்த்து நீதிமன்றம் ஏமாறுவதில்லை. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, கோழி, முட்டை, மீன் வழங்க ஒப்புக்கொண்டு தவறிய மௌலா பக்ஷ் என்ற ஒப்பந்தக்காரரின் 18,500 ரூபாய் டெபாசிட்டை அரசு எடுத்துக்கொண்டது. அது அச்சாரம் அல்ல, பாதுகாப்புக்காகக் கட்டிய வைப்பு என்றது உச்ச நீதிமன்றம். உருளைக்கிழங்குக்குச் சந்தை விலை உண்டு. வெளியில் எவ்வளவு அதிகம் கொடுத்து வாங்கினோம் என்று அரசு எளிதாகக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பணம் வட்டியோடு திரும்பியது.

அப்படியானால் இழப்பை நிரூபிக்காதவருக்கு எப்போதுமே ஒன்றும் கிடைக்காதா? 2003-இல் ஓ.என்.ஜி.சி. - சா பைப்ஸ் வழக்கில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. எண்ணெய்க் கிணறுகளுக்கான குழாய்களை 1996 நவம்பர் 14-க்குள் தர வேண்டும். தாமதமானால் வாரத்துக்கு 1 சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் பிடித்தம் என்பது ஒப்பந்தம். ஐரோப்பிய எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்ததால் குழாய் தாமதமாக வந்தது. ஓ.என்.ஜி.சி. நஷ்டத்தை நிரூபிக்கவில்லை என்று சொல்லி, பிடித்த பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நடுவர் மன்றம். உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. குழாய் சில வாரம் வராததால் எண்ணெய் எடுப்பது எவ்வளவு தடைப்பட்டது என்று ரூபாயில் யாரால் சொல்ல முடியும்? இப்படிக் கணக்கிட முடியாத இழப்புக்காகத்தான் இரு தரப்பும் முன்கூட்டியே ஒரு விகிதத்தை ஒப்புக்கொள்கின்றன. அந்த விகிதம் நியாயமானது என்றால் அதுவே இழப்பீடு. நஷ்டமே இல்லை என்று வாதிடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்புக்குப் பின் பல அமைப்புகள் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதிய எந்தத் தொகையையும் கேள்வியின்றிப் பிடித்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிட்டன. 2015-இல் கைலாஷ்நாத் வழக்கு அதற்குக் கடிவாளம் போட்டது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-இல் பிகாஜி காமா பிளேஸில் ஒரு மனையை ஏலம் விட்டது. 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த நிறுவனம் கால்பங்கான 78 லட்சத்தைக் கட்டியது. மீதிப் பணத்துக்கு ஆணையம் அவகாசத்தை நீட்டித்துக்கொண்டே போனது. பல ஆண்டுகள் கழித்து ஒதுக்கீட்டை ரத்து செய்து 78 லட்சத்தையும் எடுத்துக்கொண்டது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது.

ஒப்பந்தத்தை மீறியது அந்த நிறுவனமே அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. மீறியிருந்தாலும், மனை பல மடங்கு விலைக்குப் போன பிறகு ஆணையத்துக்கு நஷ்டம் எங்கே என்று கேட்டது. இழப்பைக் கணக்கிட முடியும் என்றால் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். கணக்கிடவே முடியாத அல்லது மிகக் கடினமான இடத்தில்தான், எழுதிய தொகை நேர்மையான கணிப்பாக இருந்தால் அப்படியே கிடைக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் 74-ஆவது பிரிவு எதையும் தராது. 78 லட்சம் 9 சதவீத வட்டியோடு திரும்பியது.

இந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒப்பந்தத்தின் வாசகத்தைவிடக் கோப்பில் இருக்கும் காகிதங்கள்தான் தொகையை முடிவு செய்கின்றன. வீடு விற்பவர் என்றால், வாங்கியவர் பின்வாங்கிய பிறகு அதே வீட்டை யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு விற்றார் என்ற ஆவணம் வேண்டும். குறைந்த விலைக்கு விற்றிருந்தால் அந்த வித்தியாசம்தான் அவருடைய இழப்பு. காலி வீட்டுக்குக் கட்டிய வங்கித் தவணையையும் இதனால்தான் கட்ட நேர்ந்தது என்று காட்டினால் கேட்டுப்பார்க்கலாம். வாங்குபவர் தரப்பில், வீட்டின் விலை ஏறியதைக் காட்டும் பக்கத்து மனைப் பத்திரமே நல்ல ஆயுதம்.

உச்சவரம்பு இன்னொரு பக்கமும் வெட்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தவறினால் 2 லட்சம் என்று எழுதிவிட்டு, உண்மையில் 5 லட்சம் நஷ்டப்பட்டவர் எல்லா ரசீதுகளையும் அடுக்கினாலும், அந்த மீறலுக்காக இந்தப் பிரிவின் கீழ் 2 லட்சத்துக்கு மேல் பெற முடியாது.