மார்ச் மாதத்து மாமா

மார்ச் மாதம் பிறந்தால் ஆபீஸ்களில் ஒரு பரபரப்பு வந்துவிடும். "வரிச் சேமிப்புக்கு ரசீது கொடுத்தாயிற்றா?" என்று கணக்குப் பிரிவிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளும் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

மதுரையில் ஒரு கம்பெனிக் குமாஸ்தா. சுந்தரம் என்று வைத்துக்கொள்வோம். 2019 மார்ச்சில் அவர் வீட்டுக்கு மனைவியின் மாமா வந்தார். அவரும் ஒரு ஏஜெண்டுதான்.

"மாப்பிள்ளை, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். வருஷம் 50,000 ரூபாய். பதினைந்து வருஷம். ஏழு லட்ச ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ். முழுப் பணத்துக்கும் வரி கிடையாது" என்றார் மாமா.

சுந்தரம் கையெழுத்துப் போட்டார். எத்தனை ரூபாய் வரி மிச்சம் என்று அவரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

அந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம். 80-சி என்ற பிரிவில் ஒரு வருஷத்துக்குக் கழிக்கக்கூடிய தொகை ஒன்றரை லட்சம் ரூபாய்தான். அதில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மட்டுமா சேர்கிறது? சம்பளத்தில் பிடிக்கும் சேமநல நிதிப் பணமும் அதில்தான் சேரும். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளியில் கட்டும் கல்விக் கட்டணமும் அதில்தான் சேரும். பஸ் கட்டணமும் நன்கொடையும் சேராது. வீட்டுக்கடன் இருந்தால் அசலுக்குக் கட்டும் பணமும் இதே கணக்கில் வரும்.

சுந்தரத்துக்குச் சம்பளத்தில் மாதம் 6,500 ரூபாய் பிடித்தார்கள். வருஷத்துக்கு 78,000. பிள்ளைகளின் கல்விக் கட்டணம் 42,000. ஆக 1,20,000 ரூபாய் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்த இடம் 30,000 ரூபாய்தான். அவர் கட்டியதோ 50,000. மேலே இருந்த 20,000 ரூபாய்க்கு ஒரு காசு சலுகை கிடையாது.

அவர் அப்போது 20 சதவீத வரி கட்டும் படியில் இருந்தார். 4 சதவீத கூடுதல் தீர்வையையும் சேர்த்தால், 30,000 ரூபாய்க்கு மிச்சமான வரி 6,240 ரூபாய். இந்த 6,240 ரூபாய்க்காகப் பதினைந்து வருஷம் 50,000 கட்டுவதாக ஒப்புக்கொண்டார். மொத்தம் ஏழரை லட்சம்!

பதினைந்து வருஷம் கழித்து என்ன வரும்?

ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் வருஷா வருஷம் போனஸ் வருவதாக மாமா காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஏழு லட்சத்துக்கு வருஷம் 28,000. பதினைந்து வருஷத்துக்கு 4,20,000. அசல் ஏழு லட்சத்தையும் சேர்த்து 11,20,000 ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் வருஷா வருஷம் கட்டிய பணம் இத்தனை காலம் கிடந்ததைக் கணக்கிட்டால், வட்டி 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தப் போனசும் உறுதியான தொகையல்ல.

தபால் ஆபீசிலும் பாங்கிலும் பொது சேமநல நிதி என்று ஒரு கணக்கு உண்டு. பி.பி.எப். என்பார்கள். இதற்கும் அதே 80-சி சலுகைதான், இதற்கும் பதினைந்து வருஷம்தான். இரண்டிலும் முடிவில் வரும் பணத்துக்கு வரி இல்லை. பி.பி.எப். வட்டியை அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கும். 2020 ஏப்ரலிலிருந்து 2025 முடிய அது 7.1 சதவீதமாகவே இருந்தது. அந்த வட்டியே நீடித்தால் 50,000 வீதம் கட்டியவருக்கு 13,56,000 ரூபாய் கிடைக்கும்.

"பி.பி.எப்.பில் உயிருக்கு இன்ஷூரன்ஸ் இல்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கென்று தனியாக, திரும்பி வராத பிரீமியம் கட்டும் டெர்ம் பாலிசி இருக்கிறது. 50,000-த்தில் 5,000 ரூபாயை அதற்கு ஒதுக்கினால், நடுத்தர வயதும் நல்ல உடல்நிலையும் உள்ளவருக்கு ஏழு லட்சத்துக்கு மேலேயே இன்ஷூரன்ஸ் கிடைக்கும். மீதி 45,000-த்தை பி.பி.எப்.பில் போட்டால்கூட முடிவில் 12,20,000 ரூபாய் வரும்.

இன்னொரு வித்தியாசத்தை நான் இதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். வீட்டில் கஷ்டம் வந்த வருஷம் பி.பி.எப்.பில் 500 ரூபாய் மட்டும் போட்டால் போதும், கணக்கு உயிரோடு இருக்கும். பாலிசிக்கு அந்தத் தயவு கிடையாது. முழுப் பிரீமியம் கட்டியாக வேண்டும்.

சலுகை போயிற்று, பிரீமியம் போகவில்லை

பிறகு வருமான வரியில் புதிய முறை வந்தது. அதில் வரி விகிதம் குறைவு, ஆனால் 80-சி கழிவு கிடையாது. 2023-24 முதல், "எனக்குப் பழைய முறைதான் வேண்டும்" என்று சொல்லாதவர்களுக்கெல்லாம் புதிய முறைதான் என்று ஆனது. 2025-26ஆம் ஆண்டுக்கு, புதிய முறையில் 12,75,000 ரூபாய் வரை சம்பளம் மட்டுமே வாங்குகிறவருக்கு வரியே இல்லை.

சுந்தரத்தின் சம்பளம் அந்த வருஷம் 11 லட்சம். பழைய முறையில் ஒன்றரை லட்சத்தை முழுவதும் கழித்தாலும் 96,200 ரூபாய் வரி வரும். புதிய முறையில் ஒன்றுமில்லை. எதை எடுப்பார்? புதிய முறையைத்தான் எடுத்தார். அப்புறம் அந்தப் பாலிசியால் மிச்சமாகும் வரி எவ்வளவு? பூஜ்யம். ஆனால் 2033 மார்ச் வரை இன்னும் எட்டுத் தவணை பாக்கி!

சுந்தரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கே போய்ப் பாலிசியை ஒப்படைத்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினார். அவர் மனைவிதான் நிறுத்தினார். "மாமா மேல் உள்ள கோபத்தைப் பணத்தின் மேல் காட்டாதீர்கள். இன்றைக்கு என்ன கொடுப்பார்கள் என்று முதலில் கேட்டு வாருங்கள்" என்றார்.

கிளை ஆபீசில் கேட்டார். ஏழு தவணையில் அவர் கட்டியது மூன்றரை லட்சம். அன்றைக்கு ஒப்படைத்தால் கிடைப்பது 2,30,000 என்றார்கள்.

கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கட்டிப்போன பணத்தை மறந்துவிட்டு, இனிமேல் நடப்பதை மட்டும் பார்த்தார்கள். அந்த 2,30,000-த்தை 7.1 சதவீத வட்டியில் ஒன்பது வருஷம் போட்டால் சுமார் 4,26,000 ஆகும். இனிக் கட்டவேண்டிய எட்டுத் தவணையையும் அதே வட்டியில் போட்டால் சுமார் 5,51,000 ஆகும். இரண்டும் சேர்ந்து 9,77,000. பாலிசியைத் தொடர்ந்தால், அதே போனஸ் வந்தால், 11,20,000. தொடர்வதுதான் லாபம்!

இதென்ன வேடிக்கை? வாங்கியது தவறு, விடுவதும் தவறா? வேடிக்கை இல்லை. நடுவில் விடுகிறவரிடமிருந்து பெரிய பங்கைக் கம்பெனி பிடித்துக்கொள்கிறது. அந்த நஷ்டத்தை இன்னொரு முறை ஏன் பட வேண்டும்? ஆபீசில் 3,07,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஒவ்வொரு பாலிசிக்கும் இந்தக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். போனஸ் எவ்வளவு குறையக்கூடும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிதாக வாங்குகிறவருக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த பிறகு 30 நாளைக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு செலவுகள் போகப் பணம் திரும்பிவிடும்.

சுந்தரத்தின் தம்பிக்கும் போன வாரம் மாமா ஒரு பாரம் கொண்டுவந்தார். தம்பி பேனாவை எடுக்குமுன் அண்ணி குறுக்கே வந்தார்.

"சேமநல நிதிக்கும் பள்ளிக்கும் எவ்வளவு போகிறது? நீங்கள் எந்த முறையில் வரி கட்டுகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்."

தம்பி புதிய முறையில் இருந்தார். மாமா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.