வழியில் நின்றுவிட்ட மாத்திரை

என் அத்தைக்கு உண்ணிக்காய்ச்சல் வந்தது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் கேப்சூல், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாளைக்கு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. அன்றிரவு பாயை விரித்துப் படுத்த பிறகுதான் மருந்து ஞாபகம் வந்திருக்கிறது. எழுந்து, சொம்பில் மிச்சமிருந்த ஒரு மடக்குத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றி விழுங்கிவிட்டு, மறுபடி சாய்ந்துவிட்டார்.

விடியற்காலையில் நடு நெஞ்சில் வலி. "எச்சில் முழுங்கினாக்கூட நெருப்பை முழுங்குற மாதிரி இருக்குடா" என்றார். மாரடைப்போ என்று பதறி ஓடினோம். ஓடியது சரிதான். நெஞ்சுவலி என்றால் முதலில் இ.சி.ஜி. பார்த்தே ஆகவேண்டும். இ.சி.ஜி. நன்றாக இருந்தது. மறுநாள் எண்டோஸ்கோப்பியில், உணவுக்குழாயின் நடுப்பகுதியில் எதிரெதிராக இரண்டு புண்கள் தெரிந்தன. கேப்சூல் வயிற்றுக்கே போய்ச் சேரவில்லை. வழியிலேயே நின்று கரைந்திருக்கிறது.

வாயில் போட்டது நேரே வயிற்றில் போய் விழும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உணவுக்குழாய் அப்படித் திறந்து கிடக்கும் குழாய் அல்ல. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளத் தசைக்குழாய் அது. வேலையில்லாத நேரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கும். ஒரு வாய் சோறு போனால் அதைப் பிசைந்து பிசைந்து கீழே தள்ளும். காய்ந்த சின்னக் கேப்சூலில் அந்தப் பிடிப்பு கிடைப்பதில்லை. அதிலும் நடுப்பகுதியில் பெருந்தமனி வளைந்து போகுமிடத்தில் குழாய் சற்று அழுத்தப்பட்டிருக்கிறது. ஜெலட்டின் உறை ஈரம் பட்டதும் பசைபோல அங்கே ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு, விழுங்குவதும் குறைவு. டாக்ஸிசைக்ளின் கரைந்தால் கடும் அமிலம். ஒட்டிய இரண்டு சுவர்களையும் சேர்த்தே சுட்டுவிடுகிறது. எதிரெதிராகப் புண் வந்தது அதனால்தான்.

டாக்டர் கேப்சூலை நிறுத்தி, காய்ச்சலுக்கு அஸித்ரோமைசின் கொடுத்தார். புண்ணின்மேல் படிவதற்கு சுக்ரால்ஃபேட் சிரப்பும், அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரையும் எழுதினார். ஆறிய கஞ்சியும் மோருமாக ஒரு வாரத்தில் அத்தை தேறிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை, பொட்டாசியம் மாத்திரை, வலி மாத்திரைகள், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

விழுங்கும்போது வலி என்றாலே மாத்திரைதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர். சர்க்கரையும் உண்டு. அவருக்கு ஒரே இரவில் வரவில்லை. பத்துப் பதினைந்து நாளாக மெல்ல மெல்லச் சாப்பாடு இறங்க மறுத்தது. நாக்கில் தயிர்த் திப்பிபோல வெள்ளைப் படலம். அதைப் பார்த்தே டாக்டர் உணவுக்குழாயில் கேண்டிடா பூஞ்சை பரவியிருக்கலாம் என்றார். நம் வாயிலும் குடலிலும் சாதுவாக இருக்கிற பூஞ்சைதான் அது. எதிர்ப்புச் சக்தி குறையும்போதும், ஆன்டிபயாடிக் நீண்ட நாள் போகும்போதும், தொண்டையில் ஸ்டீராய்டு படிந்தபடியே இருக்கும்போதும் பெருகிவிடுகிறது. சிலருக்கு வாய் சுத்தமாக இருக்கும், உள்ளே மட்டும் படர்ந்திருக்கும். வாயில் தடவும் மருந்து இதற்குப் போதாது. ஃப்ளூகோனசோல் மாத்திரை இரண்டு மூன்று வாரம் போட வேண்டும். அது சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டிவிடும் என்பதால், என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்று டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். பெரியவர் இப்போது இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புகிறார். அதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

இனி விழுங்கும் விதம். உட்கார்ந்து அல்லது நின்றபடி, முதலில் ஒரு வாய் வெறும் தண்ணீர் குடித்து வழியை நனைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாத்திரை, அதன் பின்னால் ஒரு முழு டம்ளர் தண்ணீர். நம் ஊரில் அண்ணாந்து குடித்தே பழக்கம். கேப்சூலுக்கு அது ஆகாது. கேப்சூல் எடை குறைந்தது, தண்ணீரில் மிதக்கும். தலையைப் பின்னால் சாய்த்தால் உதட்டுப் பக்கமே வந்து நிற்கும். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, முகவாயை நெஞ்சை நோக்கிக் குனிந்து விழுங்கினால் தொண்டைப் பக்கம் மிதந்து போய்விடும். விழுங்கிய பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அலெண்ட்ரோனேட் என்றால் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மட்டும். காபி பிறகுதான்.

இறங்கவில்லை என்று எல்லாவற்றையும் உடைத்துப் பொடிக்கவும் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அதே மருந்து சிரப்பாகக் கிடைக்குமா என்று டாக்டரையோ மருந்துக் கடைக்காரரையோ கேளுங்கள். பல மருந்துகளுக்குக் கிடைக்கிறது. தண்ணீரே இறங்கவில்லை, ரத்த வாந்தி, மலம் தார்போலக் கறுத்துப் போகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அத்தை இப்போது இரவுக் கேப்சூலை எட்டு மணிச் சாப்பாட்டோடு முடித்துவிடுகிறார். பாய் விரிப்பது பத்து மணிக்கு.