மேட்டூரில் 120 அடி எங்கிருந்து வந்தது?

மேட்டூர் அணை பற்றி ஒரு நீண்ட செய்தி என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 112 அடி, அணையின் முழு நீர்மட்ட அளவு 120 அடி, நீர்வரத்து இப்படியே நீடித்தால் உபரிநீர் திறக்க வாய்ப்புள்ளதாக அதிகாரிகள் கூறினர். மொழி மாதிரியிடம் சுருக்கச் சொன்னால் சில சமயம் இப்படி வரும்: “மேட்டூர் அணை 120 அடியை எட்டியது, உபரிநீர் திறக்கப்பட்டது.”

120 என்ற எண் மூலத்திலும் இருக்கிறது. அதனால் எண்களை மட்டும் தேடி ஒப்பிடும் சோதனையில் இந்தப் பிழை தப்பிவிடும். அணை நிரம்பிய பழைய செய்திகளை ஏராளமாகப் படித்த மாதிரி, பழக்கதோஷத்தில் அணையை நிரப்பிவிட்டது.

சுருக்கத்தை ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல் என உடைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் சொல்லும் மூல வாக்கியத்தை அப்படியே ஒட்டிப் பார்க்க வேண்டும். “112 அடி” என்ற வரியை ஒட்டியதுமே குட்டு வெளிப்படும். ஒட்ட வரி கிடைக்காத தகவலை அடித்துவிடலாம்.

அடுத்து வினைமுற்று. தமிழில் வம்பு பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில்தான். ‘திறக்க வாய்ப்புள்ளது’ என்பது ‘திறக்கப்பட்டது’ ஆகிவிட்டால் கரையோரத்தில் இருப்பவர் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார். ‘கூறினர்’ என்பதையும் மாதிரி சுலபமாக விழுங்கிவிடும். அப்போது அதிகாரியின் கணிப்பு, பத்திரிகை உறுதிசெய்த செய்தியாக நிற்கும்.